தெருவில் ஒரு படகு: ஒட்டுப் படம் செய்யவும் கண்டுபிடிக்கவும் நான்கு பாடவேளை

தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கு அண்மையில் ஒரு கடிதம் எழுதினேன். எட்டாம் வகுப்புக்கு நான்கு பாடவேளை கேட்டிருக்கிறேன். முதல் இரண்டில் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து, தனித்தனியாக எடுத்த இரண்டு போட்டோக்களைச் சேர்த்து ஒரே போட்டோ போலத் தெரியும் ஒட்டுப் படம் ஒன்றைச் செய்வார்கள். மற்ற இரண்டில், அடுத்த குழு கொடுக்கும் படங்களைப் பார்த்து எது ஒட்டு, எது அசல் என்று காரணத்தோடு சொல்வார்கள். பொய்ப் படத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது சரி, செய்வதற்கு எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே எழுதினேன். கடிதம் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால், அதில் விரிவாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கடிதத்தின் முதல் பத்தி இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் வண்ணாரப்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். சட்டை போட்டு வந்தவருக்குக் கோட் மாட்டுவதும், இறந்துபோன தாத்தாவைப் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும் எங்கள் தினப்படி வேலை. ஒட்டுப் போட்ட இடம் எங்கே பல்லிளிக்கும் என்பது, அதை மறைக்கப் பாடுபட்டவனுக்குத்தான் தெரியும். அந்தச் சிரமத்தைப் பிள்ளைகள் ஒரு தடவை பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்."

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒட்டுப் படம் புதிதல்ல. எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் காதுகுத்துக்கோ கண்ணீர் அஞ்சலிக்கோ ஒரு ஃபிளெக்ஸ் இருக்கும். அதில் நாலு பேர் முகத்தில் நாலு திசையிலிருந்து வெளிச்சம் விழுந்திருக்கும். யாரும் அதை ஏமாற்று என்று நினைப்பதில்லை, ஏனென்றால் அது நடந்த நிகழ்ச்சியின் போட்டோ என்று அந்த பேனர் சொல்லிக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் படமோ "இது நேற்று நம்ம ஏரியாவில் நடந்தது" என்ற வரியோடு வருகிறது. பிள்ளைகள் சோதிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

கடிதத்தில் நான் கொடுத்த உதாரணம் ஒன்றுதான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் பெருமழையில் தண்ணீர் தேங்குவது எல்லாரும் பார்த்தது. அப்படித் தண்ணீர் நிற்கும் ஒரு தெருவின் போட்டோ ஒன்று. காசிமேடு துறைமுகத்தில் எடுத்த ஃபைபர் படகு போட்டோ இன்னொன்று. படகை வெட்டித் தெருவில் விட வேண்டும். "எங்க தெருவுக்கே போட் வந்துடுச்சு" என்று யாரும் நம்பக்கூடிய படம்.

முதலில் கம்ப்யூட்டரே வேண்டாம். இரண்டு போட்டோவையும் ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு, கத்தரியால் வெட்டி, பசையால் ஒட்டி, அப்புறம் அதை ஜெராக்ஸ் எடுத்தால் போதும். வெட்டிய விளிம்பு ஜெராக்ஸில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் பிள்ளைகள் ஓரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, படத்துக்குள் இருக்கும் உலகம் பொருந்துகிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள். வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும்போது விளிம்பின் நுணுக்கமும் போய்விடும், எந்த நேரத்தில் எந்த கேமராவில் எடுத்தது என்று படத்தோடு சேர்ந்திருந்த தகவலும் போய்விடும். படத்தை ஏற்றினால் ஒட்டுப் போட்ட இடத்தைப் பளிச்சென்று காட்டும் என்று சொல்லப்படும் இணையக் கருவிகள், பலமுறை ஃபார்வர்ட் ஆன படத்தில் ஒன்றுமில்லாத இடத்தையும் பளிச்சென்று காட்டும். அவற்றை இந்த வகுப்பில் சேர்க்கவில்லை. ஸ்கேலும் பென்சிலும் போதும்.

படகை ஒட்டும் பிள்ளைக்கு வரும் முதல் சிக்கல் அளவு. எவ்வளவு பெரிதாக ஒட்டுவது? கண்ணளவுக்குச் சரியாகத் தெரியும் வரை சிறிதாக்கிப் பார்ப்பார்கள். இங்கேதான் கணக்கு ஆசிரியர் உள்ளே வர வேண்டும்.

தெருப் படத்தில் இரண்டு பக்கத்து வீடுகளின் மாடிக் கைப்பிடிச் சுவர், ஜன்னல் வரிசை, நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து நீட்டினால், நேரான தெருவாக இருந்தால், அவை ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளி வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு போட்டால் அதுதான் கண்மட்டக் கோடு, அதாவது கேமரா இருந்த உயரம். கடற்கரையில் எடுத்த படமாக இருந்தால் இந்த வேலையே தேவையில்லை, கடலும் வானமும் தொடும் கோடே கண்மட்டம். கேமரா தண்ணீருக்கு மேல் 5 அடி உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தில் எந்த இடத்தில் தண்ணீர்ப் பரப்பைத் தொட்டு அங்கிருந்து நேர் மேலே கண்மட்டக் கோடு வரை அளந்தாலும், அந்த நீளம் அந்த இடத்தில் 5 அடிக்குச் சமம். பக்கத்தில் இருந்தால் அது பத்து சென்டிமீட்டராக இருக்கும், தூரத்தில் இருந்தால் இரண்டு சென்டிமீட்டராக இருக்கும், ஆனால் இரண்டுமே 5 அடிதான்.

இப்போது படகை ஒட்டிய இடத்துக்கு வருவோம். படகின் பக்கவாட்டுச் சுவர் தண்ணீருக்கு மேல் 3 அடி என்று துறைமுகத்தில் அளந்து வைத்திருக்கிறோம். படகு தண்ணீரைத் தொடும் இடத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை பிரிண்டில் 10 சென்டிமீட்டர் இருந்தால், 2 சென்டிமீட்டர் ஓர் அடி. அப்படியென்றால் படகு 6 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒட்டிய பிள்ளை கண்ணளவில் 3 சென்டிமீட்டர் வைத்திருந்தால், அது ஒன்றரை அடி உயரமுள்ள படகு. அப்படி ஒரு படகு காசிமேட்டில் கிடையாது. அதே தெருவில் ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அந்த வகை ஃபைபர் படகு ஏறத்தாழ 30 அடி நீளம், ஆட்டோ 9 அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரே தூரத்தில், பக்கவாட்டில் நின்றால் மூன்று ஆட்டோவை வரிசையாக நிறுத்திய நீளத்தைவிடப் படகு சற்று நீளமாக வர வேண்டும். வடசென்னைத் தெரு பலவற்றில் அந்தப் படகு குறுக்கே திரும்பவே இடம் இருக்காது.

அளவைச் சரிசெய்த பிறகும் படம் ஏதோ உதைக்கும். காரணம் கேமராவின் உயரம். படகை எடுத்தது துறைமுகத் தளத்தின் மேல் நின்றுகொண்டு. அங்கிருந்து பார்த்தால் படகின் உள்ளே கிடக்கும் வலை, ஐஸ் பெட்டி, குறுக்குப் பலகை எல்லாம் தெரியும். தெருவை எடுத்ததோ வாசல்படியில் நின்று. 5 அடி உயரத்திலிருந்து, கொஞ்சம் தள்ளி நிற்கும் 3 அடி உயரப் படகின் உட்பக்கம் ஒரு கீற்று அளவுக்குத்தான் தெரிய முடியும். தெருவைத் தாழ்ந்து பார்த்த கண்ணும் படகை உயர்ந்து பார்த்த கண்ணும் ஒரே படத்தில் இருக்க முடியாது. இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டே வழி: மீண்டும் காசிமேட்டுக்குப் போய்த் தாழ்வான இடத்திலிருந்து வேறு போட்டோ எடுக்க வேண்டும், அல்லது படகின் உள்ளே தெரியும் பகுதியை வெட்டிவிட வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், அடுத்தவர் படத்தில் இதே தவறைப் பார்க்கும்போது விட மாட்டார்கள்.

அப்புறம் பிம்பம். தேங்கிய தண்ணீர் அசையாமல் இருந்தால் தெருவிளக்குக் கம்பம், சுவர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் கீழே பிம்பம் இருக்கும். படகுக்கு மட்டும் இல்லையென்றால் உடனே மாட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகள் படகையே தலைகீழாகத் திருப்பிக் கீழே ஒட்டுவார்கள். ஸ்டுடியோக்களில் கம்ப்யூட்டரில் செய்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இது பெரும்பாலும் தவறு. தண்ணீரில் தெரியும் பிம்பம், தண்ணீருக்கு அடியில் அதே ஆழத்தில் கேமரா இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சி. மேலே படகின் உட்பக்கம் கொஞ்சம் தெரிந்தால், பிம்பத்தில் அது தெரியவே கூடாது. படகின் வெளிச்சுவரும் அதற்குமேல் வானமும்தான் தெரிய வேண்டும். திருப்பி ஒட்டிய பிம்பத்தில் வலையும் ஐஸ் பெட்டியும் தலைகீழாகத் தெரிந்தால், அது ஒட்டு. ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் ஒரு டம்ளரை வைத்துப் பார்த்தால் வகுப்பிலேயே இதைக் காட்டிவிடலாம். டம்ளரின் வாய் மேலிருந்து தெரியும், தண்ணீரில் தெரியாது.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் நிழல் சோதனைக்கு எல்லை உண்டு. மழை நாளில் மேகம் மூடியிருக்கும், நிழலே விழாது. வெள்ளப் படங்களில் அதனால் நிழலைத் தேடிப் பயனில்லை. மாறாக, மேகமூட்டமான தெருவில் படகின் ஒரு பக்கம் மட்டும் வெயில்பட்டுப் பளபளத்தால் அதுவே துப்பு. வெயில் நாளில் பள்ளி மைதானத்தில் எடுத்த படம் என்றால் நிழல் நல்ல சாட்சி. ஒவ்வொருவரின் காலிலிருந்து நிழலின் நுனி வரை ஒரு கோடு போட்டு நீட்டினால், தரை சமமாக இருக்கும்போது, எல்லாக் கோடுகளும் கண்மட்டக் கோட்டின் மேல் ஒரே இடத்தை நோக்கிப் போகும். இங்கே பெரியவர்களும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சூரியன் ஒன்றுதானே, நிழல்கள் படத்தில் இணைகோடுகளாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். தரையில் அவை இணைதான், படத்தில் அப்படித் தெரியாது. தண்டவாளம் தூரத்தில் ஒட்டிப்போவதைப் போலத்தான் இதுவும். விரிந்து போகும் நிழலைப் பார்த்து அசல் போட்டோவைப் பொய் என்று சொன்னவர்கள் நிறைய.

சென்னையில் கடல் கிழக்கே இருப்பது இன்னொரு வசதி. திருவொற்றியூர் கரையில் கடலைப் பார்த்து எடுத்த படத்தில் நீண்ட நிழல் நம்மை நோக்கி விழுந்தால் அது காலை. மாலையில் நிழல் கடலை நோக்கிப் போகும். "நேற்று சாயங்காலம் எண்ணூர் கடலோரத்தில்" என்று ஒரு படம் வந்தால், நிழல் எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இத்தனையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்ததைச் சேர்க்கும்போது எழும் பொருத்தமின்மைகள். ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்தால் நிழலும் கண்மட்டமும் பொருந்திவிடும். 2003-இல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் போட்டோகிராபர் பிரையன் வால்ஸ்கி அப்படித்தான் செய்தார். பாஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் வீரர் மக்களைப் பார்த்துச் சைகை காட்டும் படமும், சற்று முன்பின்னாக எடுத்த இன்னொரு படமும் கையில் இருந்தன. ஒன்றில் வீரர் நன்றாக விழுந்திருந்தார், இன்னொன்றில் கூட்டம் நன்றாக விழுந்திருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பினார். வெளிச்சம், கோணம் எல்லாம் பொருந்தியது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இரண்டு தடவை தெரிந்தார்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு பத்திரிகையில் வேலை செய்தவர் அதைக் கண்டுபிடித்தார், வால்ஸ்கிக்கு வேலை போனது. வகுப்பில் ஒரு குழுவாவது இந்த வகைப் படத்தைச் செய்து பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் கேட்டிருக்கிறேன். ஸ்டாண்டில் போனை அசையாமல் வைத்து, மைதானத்தில் நடமாட்டம் மாறும்போது இரண்டு படம் எடுத்துச் சேர்த்தால் போதும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேல் உதவாது. பின்னணியில் இருக்கும் ஒவ்வொரு பை, சைக்கிள், காக்கையாக எண்ணிப் பார்த்து எது இரண்டு தடவை வந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

நம் ஊர்ச் சம்பவம் ஒன்றும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பிரதமர் வானிலிருந்து சென்னையைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட ஒரு படத்தில், ஜன்னலுக்கு வெளியே மூழ்கிய வீடுகள் தெளிவாகத் தெரிந்தன. அதே காட்சியின் இன்னொரு படத்தில் வெளியே அப்படித் தெளிவு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அலுவலகம் அந்தப் படத்தை நீக்கி, இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தது. பிள்ளைகளுக்கு இதில் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. பிரதமர் வந்தது உண்மை, வெள்ளமும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்தும் நடக்காத ஒரு காட்சியை உருவாக்கிவிட முடியும். அடுத்தது, இதை வெளியே கொண்டுவந்தது நிழலோ கோணமோ அல்ல, இன்னொரு படம். அதனால் கண்டுபிடிக்கும் வகுப்பில் கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, அதே காட்சியின் பழைய அல்லது வேறு படம் இருக்கிறதா என்று தேடுவதற்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன். அந்தத் தேடலை ஆசிரியரின் கம்ப்யூட்டரில், எல்லாரும் பார்க்கச் செய்யலாம்.

தேடல் இன்னொரு காரணத்துக்கும் தேவை. ஒட்டே இல்லாத அசல் படத்துக்குப் பொய்யான தலைப்பு வைத்துப் பரப்புவது ஒட்டுப் படத்தைவிட மலிவு, ஆபத்தும் குறைவல்ல. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் கடைசிப் பகுதியை வெட்டி நீக்கிய வடிவம். அந்த ஆண்டு மே மாதம் அதே வதந்தியால் பழவேற்காட்டில் ஒருவரைக் கூட்டம் கொன்றது. கண்மட்டக் கோடு இப்படிப்பட்ட படத்தில் எதையும் காட்டாது. கடிதத்திலும் அதை மறைக்கவில்லை.

தலைமையாசிரியருக்கு உண்மையில் கவலை தரக்கூடியது வேறு. ஒருவர் முகத்தை இன்னொரு உடம்பில் ஒட்டிப் பெண்பிள்ளைகளை மிரட்டும் கதைகளை அவர் பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருப்பார். அதனால் கடிதத்தில் ஒரு விதியை அழுத்திச் சொன்னேன்: எந்தப் படத்திலும் அடையாளம் தெரியும் முகம் கூடாது. படகு, ஆட்டோ, எருமை, குடம், சைக்கிள் போன்றவை மட்டும். ஆள் தேவைப்பட்டால் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிள்ளைகள் போன் கொண்டுவரத் தேவையில்லை, ஆசிரியரின் ஒரே போனில் எடுத்து, பிரிண்ட் போட்டதும் கோப்புகள் பள்ளிக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், கடைசி வகுப்பில் எல்லார் முன்னாலும் அழிக்கப்படும். ஒட்டோ அசலோ, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் "வகுப்புப் பயிற்சி" என்று அச்சாகியிருக்கும், ஓரத்தில் இருந்தால் யாராவது வெட்டிவிடுவார்கள். யார் படமாவது ஏற்கெனவே மாற்றப்பட்டுச் சுற்றுகிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால் ஆசிரியர் என்ன செய்வது என்பதையும் எழுதியிருக்கிறேன்: பாடத்தை அங்கே நிறுத்த வேண்டாம், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், படத்தை யாருக்கும் அனுப்பிக் காட்டச் சொல்லக் கூடாது, 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ பெற்றோரோடு சேர்ந்து பேச வேண்டும்.

கடைசியாக மதிப்பெண் போடும் முறை. இதில்தான் இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் சறுக்கும். எல்லாப் படமும் பொய்யாக இருக்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்தால், பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் "ஃபேக்" என்று சொல்லக் கற்றுக்கொள்வார்கள். எதையும் நம்பாதவரும் எல்லாவற்றையும் நம்புபவரும் ஒரே அளவுக்குத்தான் தவறு செய்வார்கள். அதனால் பத்துப் படத்தில் ஐந்து அசலாக இருக்க வேண்டும், அதிலும் நம்ப முடியாத மாதிரித் தெரியும் அசல்கள் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர்ப் பக்கம் முதலை ஒன்று சாலையைக் கடந்தது, வண்டியில் போனவர்கள் எடுத்த வீடியோ அது. பார்த்தவர் பலர் பொய் என்றார்கள், ஆனால் அது நடந்ததுதான். அதிலிருந்து எடுத்த ஒரு படம் பத்தில் ஒன்றாக இருக்கும்.

விடைத்தாளில் மூன்று கட்டம்: ஒட்டு, அசல், சொல்ல முடியாது. சரியான விடைக்கும் அதற்கான காரணத்துக்கும் சேர்த்து இரண்டு மதிப்பெண். காரணம் இல்லாத சரியான விடைக்குச் சுழி. "சொல்ல முடியாது" என்றால், எந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம், அது ஏன் பலிக்கவில்லை என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அசலை ஒட்டு என்று சொன்னால் ஒரு மதிப்பெண் குறையும், ஒட்டை அசல் என்று சொன்னாலும் அதேதான். பத்துக்கும் "ஒட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பிள்ளை காரணம் தராததால் ஐந்து சரிக்கும் சுழியே பெறும், ஐந்து தவறுக்கு ஐந்து குறையும். மேகம் மூடி, தண்ணீர் அலைந்து, நேர்கோடே இல்லாத குடிசைத் தெருவின் படம் ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அதில் நிழல் இல்லை, பிம்பம் இல்லை, கண்மட்டம் கண்டுபிடிக்கக் கோடும் இல்லை. அது அசல்தான், ஆனால் படத்தை மட்டும் வைத்து யாராலும் அதை நிரூபிக்க முடியாது. அந்தப் படத்துக்கு மட்டும் மூன்றாவது கட்டத்தில் காரணத்தோடு எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண்.